பிள்ளை கோபத்தில் அடிக்கும்போது: ஆறுதலும் கண்டிப்பும் ஒரே பேச்சில்

"சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் கிளம்பியதும் என் ஏழு வயசு மகன் போன் கேட்டு அடம் பிடிக்கிறான். கொடுக்காவிட்டால் சாமானைத் தூக்கி எறிகிறான், நாலு வயசு தங்கச்சியை அடிக்கிறான். 'கோபமா இருக்கியா'ன்னு கேட்டுப் பேசிப் பாருங்கன்னு சொல்றாங்க. கேட்டா இன்னும் அதிகமா அழுறான், கடைசியில போனைக் கொடுத்துடுறேன். மாமியார் ரோத்தானை எடுன்னு சொல்றாங்க. அன்பாப் பேசிக்கிட்டே கண்டிப்பாவும் இருக்கிறது எப்படி?"

நீங்கள் கோபத்தைப் பற்றிக் கேட்டது சரிதான். அதன் முடிவில் போன் கைக்கு வந்ததுதான் சிக்கல். இப்படி நாலைந்து வாரம் நடந்தால் பிள்ளை தெளிவாக ஒன்றைக் கற்றுக்கொள்வான்: அம்மா மெதுவான குரலில் 'கோபமா இருக்கியா' என்று ஆரம்பித்தால் சட்டம் தளரப் போகிறது, இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதால் போதும். அவன் தந்திரக்காரன் என்று இதற்கு அர்த்தமில்லை. நடந்ததை அப்படியே கவனித்திருக்கிறான், அவ்வளவுதான்.

பிள்ளையின் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லி, நடத்தைக்கு எல்லை போடும் முறையை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் கோட்மன். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் வெளியிட்ட ஆய்வுகளில், பிள்ளையின் அழுகையையும் கோபத்தையும் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து நாலு வகையாகப் பிரித்தார்கள். 'ஒன்னும் இல்லடா, அடுத்த வாரம் வந்துடுவேன்' என்று சிரிக்க வைத்துத் தள்ளிவிடுபவர்கள் ஒரு வகை. 'ஆம்பளப் பையன் அழலாமா, எடு ரோத்தானை' என்பவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையினர் எல்லா உணர்ச்சியையும் அன்பாக ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் எல்லை போட மாட்டார்கள். நாலாவது வகை, உணர்ச்சியை ஏற்றுக்கொண்டு நடத்தைக்கு எல்லையும் போடுபவர்கள். மூன்றாம் வகை வீட்டுப் பிள்ளைகளும் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. போனில் வரும் ஒரு நிமிட வீடியோக்களைப் பார்த்து இதைப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். வீடியோவில் பெயர் சொல்லும் பகுதி அழகாக இருக்கும், எல்லை போடும் பகுதியை வெட்டியிருப்பார்கள்.

உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். அப்பாவை ஈப்போ அமான்ஜெயா முனையத்துக்குக் கொண்டுபோய் விட சித்தப்பாவின் கார் கிளம்பிவிட்டது. பிள்ளை வாசலில் நின்றான், உள்ளே வந்தான், போன் கேட்டான், இல்லை என்றீர்கள். தண்ணீர் போத்தல் சுவரில் பட்டது. அடுத்த நொடி பாப்பாவின் முதுகில் ஓர் அடி.

இந்த இடத்தில் முதல் வேலை அவன் கையைத் தடுப்பது. உணர்ச்சியைப் பற்றி இப்போது ஒரு வார்த்தையும் வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உங்கள் உடம்பு போக வேண்டும், மறுபடி ஓங்கினால் அவன் மணிக்கட்டை வலிக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "பாப்பாவை அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே வாக்கியம், ஒரு தடவை. கத்த வேண்டியதில்லை, கெஞ்சவும் வேண்டியதில்லை. 'எத்தனை தடவை சொல்றது, நீ அண்ணன் இல்லையா, அப்பாக்கிட்ட சொல்லவா' என்று நீட்டினால் அவனுக்கு ஒன்றும் ஏறாது. அந்த நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், காதில் விழுவது எல்லாம் வெறும் சத்தம்.

பிறகு பாப்பாவைப் பாருங்கள். அடி வாங்கியவளை முதலில் தூக்கி, "வலிக்குதா? அம்மா பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிடலாம். நிறையப் பேர் அடித்தவனிடம் உட்கார்ந்து நீளமாகப் பேச, அடி வாங்கியவள் மூலையில் தனியாக அழுதுகொண்டிருப்பாள். இரண்டு பிள்ளைகளுக்குமே அது தவறான பாடம். உங்கள் மாமியாருக்கு இதில் நல்ல வேலை ஒன்று கிடைக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது அவன் பக்கத்தில், அவன் உயரத்துக்குக் கீழே இறங்கி உட்காருங்கள். தரையிலேயே உட்காரலாம். எதுவும் பேசாமல் சில நிமிடம் போகட்டும். எப்போது பேசலாம் என்பதை அவன் உடம்பு சொல்லும். தோள் கொஞ்சம் இறங்கும், கத்தல் அழுகையாக மாறும், மூச்சு விட்டு விட்டு வரும், ஒருமுறை உங்களை ஓரக்கண்ணால் பார்ப்பான். அதற்கு முன்னால் பேசினால், நீங்கள் எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும் 'போ!' என்றுதான் பதில் வரும். வந்தால் பரவாயில்லை, இன்னும் நேரம் ஆகவில்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

அடுத்தது பெயர் சொல்வது. 'கோபமா இருக்கியா?' என்று கேள்வியாகக் கேட்பது ஏழு வயசுப் பிள்ளைக்கு விசாரணை மாதிரி படும். 'இல்ல!' என்று கத்துவான், இல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று யோசிப்பான். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லி, அதோடு ஒரு ஊகத்தைச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, கோபம் மேலே தெரிவது. அடியில் வேறு ஏதாவது இருக்கும்: ஏக்கம், ஏமாற்றம், பயம், பொறாமை, சில சமயம் வெட்கம். உங்கள் மகன் போனுக்காக அழுகிறான் என்றால் மற்ற நாளிலும் இதே அளவுக்கு அழ வேண்டும். அப்பா கிளம்பும் நாளில் மட்டும் இப்படி ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"அப்பா போற வரைக்கும் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்த. மனசு கஷ்டமா இருக்கு போல. கோபமும் வருது."

"அப்பா பொய் சொல்றாரு! குட்டையில மீன் பிடிக்கப் போலாம்னு சொன்னாரு. போகவே இல்ல!"

"ஓ... நேத்துலேர்ந்து அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தியா? போகலன்னதும் ரொம்ப ஏமாந்து போயிட்ட."

இங்கே அவன் உடைந்து அழுவான். 'கேட்டால் இன்னும் அதிகமாக அழுகிறான்' என்று நீங்கள் சொன்னது ஒருவேளை இந்த அழுகையாகவே இருக்கலாம். இதையும் அடம்பிடிக்கும் அழுகையையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அடத்தில் அழும் பிள்ளை உங்களையும் போன் இருக்கும் அலமாரியையும் மாறி மாறிப் பார்ப்பான், உடம்பு விறைப்பாக இருக்கும். பெயர் சரியாகப் பட்டு அழும் பிள்ளை உங்கள் பக்கம் சாய்வான், 'ஆமா' என்பான், இல்லாவிட்டால் உங்களைத் திருத்துவான். மேலே உள்ள பேச்சில் அம்மா சொன்ன முதல் ஊகம் பாதிதான் சரி. பிள்ளை அதைத் திருத்தியதால்தான் மீன் பிடிக்கப் போகாத விஷயமே வெளியே வந்தது. ஆகவே தப்பான பெயர் சொல்லிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். திருத்த இடம் இருக்கிற மாதிரி 'போல' என்று முடித்துவிட்டால் போதும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது எப்படி அடக்குகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மனின் குழு 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப்படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள், அமைதியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தரையில் புரளும் ஏழு வயசுப் பையனுக்கு அதை அப்படியே பொருத்திப் பேச முடியாது. முதலில் அமைதியாகக் காத்திருக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பெயர் சொல்லி முடித்த கையோடு எல்லை திரும்ப வர வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அம்மாக்கள் நழுவிவிடுகிறார்கள். பிள்ளை மடியில் சாய்ந்து விசும்பும்போது மறுபடி கண்டிப்பாகப் பேச மனசு வராது. ஆனால் இப்போதுதான் அவன் காது திறந்திருக்கிறது. அதே குரலில், குரலை மாற்றாமல் சொல்லுங்கள்.

"அப்பா மேல கோபம் வரலாம், தம்பி. பாப்பாவை அடிக்கக் கூடாது. போத்தலை எறியக் கூடாது."

"அப்போ போன் கொடு."

"மறுநாள் ஸ்கூல் இருந்தா ராத்திரி போன் கிடையாது."

"நீ ரொம்ப மோசம்மா! உன்னை எனக்குப் பிடிக்கல!"

"போன் தரலன்னு என் மேலயும் கடுப்பா இருக்கு. தெரியுது. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். எல்லை போட்டதுமே புதிதாக இன்னொரு உணர்ச்சி பிறக்கிறது, அது உங்கள் மேல். அதற்கும் பெயர் உண்டு, அதற்கும் இடம் உண்டு, எல்லை மட்டும் நகரவில்லை. இந்த இரண்டாவது சுற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் சுற்றில் பொறுமையாக இருந்துவிட்டு, 'உன்னைப் பிடிக்கல' என்று கேட்டதும் 'அம்மாவைப் பார்த்து அப்படிச் சொல்லுவியா' என்று வெடிப்பார்கள், அல்லது மனசு உருகிப் போனை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஏன் போன் கிடையாது என்று மூன்று முறை விளக்கவும் வேண்டாம். காரணம் அவனுக்குத் தெரியும், அவன் கேட்பது விளக்கம் இல்லை.

ஒன்று இதில் முக்கியம். எல்லை சண்டையின் நடுவில் பிறக்கக் கூடாது. 'மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தால் இரவில் போன் இல்லை' என்பதைப் புதன்கிழமை மாதிரி ஓர் அமைதியான நாளில் சொல்லி வைத்திருக்க வேண்டும், அப்பாவுக்கும் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோபத்தில் 'இனி ஒரு மாசத்துக்குப் போனே கிடையாது' என்று போடும் தண்டனையை மூன்றாம் நாளே நீங்களே எடுத்துவிடுவீர்கள். உங்களால் காப்பாற்ற முடிகிற சின்ன எல்லை போதும்.

அழுகை ஓய்ந்தபின் மிச்சம் இரண்டு வேலை. பாப்பாவுக்குச் செய்ததைச் சரி செய்வது ஒன்று. 'சாரி சொல்லு' என்று கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்தால் வாயால் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். "பாப்பாவுக்கு முதுகு வலிக்குது. அவளுக்கு நீ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ஒரு மைலோ கலந்து கொண்டுபோய்க் கொடுப்பான், அல்லது போத்தல் தண்ணீரைத் துடைப்பான். தண்ணீரை அவன்தான் துடைக்க வேண்டும், நீங்கள் கூட நின்று உதவலாம்.

இன்னொன்று, மீன் பிடிக்காமல் போன ஏமாற்றத்தை என்ன செய்வது என்பது. "அப்பாக்கிட்ட நீ என்ன சொல்லணும்னு நினைக்கிற?" என்று கேட்டு, உங்கள் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பச் செய்யலாம். போன் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், பேசி முடித்ததும் சட்டைப்பைக்கோ அலமாரிக்கோ போய்விட வேண்டும். 'அடித்தவனுக்குக் கடைசியில் போன் கிடைத்துவிட்டதே' என்று உங்களுக்குத் தோன்றலாம். அவன் கேட்டது விளையாட்டு, கிடைத்தது அப்பாவிடம் பேசும் வழி. ஆனாலும் உங்கள் மகன் அந்த நொடியில் திரையைப் பார்த்ததும் விளையாட்டுக்குத் தாவி மறுபடி சண்டை வரும் என்று தெரிந்தால், அன்றைக்கு வேண்டாம். காகிதத்தில் வரையச் சொல்லுங்கள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் குரல் செய்தி அனுப்பலாம்.

இனி எங்கே கெட்டுப்போகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரம் அழுகை கூடும். இதுவரை கத்தினால் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை, ஆகவே முன்னைவிடச் சத்தமாகக் கத்திப் பார்ப்பான். முறை தோற்றுவிட்டது என்று அப்போது நினைத்து மூன்றாம் வாரம் போனைக் கொடுத்துவிட்டால், முதலிலேயே கொடுத்ததைவிட மோசம். எவ்வளவு கத்தினால் கதவு திறக்கும் என்று அவனுக்கு இப்போது அளவு தெரிந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டிய அறிகுறி அழுகிறானா இல்லையா என்பது இல்லை. அடிக்க ஓங்கிய கை பாதியில் நிற்கிறதா, அடங்க ஆகும் நேரம் குறைகிறதா, என்றைக்காவது அவனே வந்து 'கடுப்பா இருக்குமா' என்று சொல்கிறானா, இவற்றைப் பாருங்கள்.

எல்லா நேரமும் இப்படி உட்கார்ந்து பேச முடியாது என்பதும் உண்மை. காலையில் பள்ளி வேன் வாசலில் ஹோன் அடிக்கும்போதோ, கோயில் திருவிழாவில் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போதோ, உங்களுக்கே தலை கொதிக்கும்போதோ வேண்டாம் என்றுதான் கோட்மனும் சொல்கிறார். அப்போது எல்லை மட்டும் போதும்: "அடிக்க விடமாட்டேன். சாயந்திரம் பேசலாம்." சாயந்திரம் மறக்காமல் பேசுங்கள். நீங்கள் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து களைத்து வரும் நாளில் முகம் கழுவி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

மாமியார் விஷயம். நம் பக்கத்து மளிகைக் கடைகளில் கலர் கைப்பிடி போட்ட ரோத்தான் இன்னும் விளக்குமாறு பக்கத்தில்தான் தொங்குகிறது, அவர் வளர்ந்ததும் வளர்த்ததும் அப்படித்தான். நீங்கள் உணர்ச்சி, மூளை என்று பாடம் எடுத்தால் எடுபடாது. அவருடைய பயம், பேரன் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போவான் என்பது. இதுவரை கடைசியில் போன் கிடைத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "அத்தை, அவன் பாப்பாவை அடிக்க நானும் விடப் போறதில்ல. போன் கொடுக்கவும் போறதில்ல. அவன் கத்துறப்போ நீங்க பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போயிடுங்க, அதுவே எனக்குப் பெரிய உதவி" என்று மட்டும் கேளுங்கள். பேரன் அழுவதைத் தாங்காமல் தன் போனை ரகசியமாகக் கொடுக்கும் பாட்டிகளும் உண்டு. அப்படி இருந்தால் அதையும் அன்றே பேசிவிடுங்கள்.

இந்த முறைக்கு வரம்பும் உண்டு. இரண்டு வயசுக் குழந்தையிடம் இவ்வளவு பேச்சு எடுபடாது, தூக்கி அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் மகன் அப்பா கிளம்பும் நாளில் மட்டும் இல்லாமல் பள்ளியிலும் அடிக்கடி அடிக்கிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான், தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது என்றால் வீட்டுப் பேச்சோடு நிறுத்தாதீர்கள். சின்னத் தமிழ்ப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம், வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டு அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கடைசியாக அப்பாவுக்கு. பிள்ளை அழுவானே என்று அவன் விளையாடும்போது சொல்லாமல் நழுவிப் போகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அடுத்த முறை அவர் வீட்டில் இருக்கும்போதெல்லாம், எப்போது போய்விடுவாரோ என்று பிள்ளை காவல் காத்துக்கொண்டே இருப்பான். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் அவரே உட்கார்ந்து, எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எந்த சனிக்கிழமை வருவார் என்று சொல்லி, காலண்டரில் அவன் கையாலேயே வட்டம் போட வைக்கட்டும். மீன் பிடிக்கப் போக முடியாது என்றால் சனிக்கிழமை காலையிலேயே சொல்லிவிடட்டும். அதற்கும் அவன் அழுவான். அப்போது பக்கத்தில் உட்கார அப்பா வீட்டில் இருப்பார்.